துருசுப் பந்தி எங்கே போனது? பலர் திருத்தும் ஒரே வரைவில் பதிப்பு வரலாறும் கருத்துக் குறிப்பும்

கேள்வி: எங்கட கமக்காரர் அமைப்பின்ர கடிதத்தை அஞ்சு பேர் ஒரே கூகுள் டொக்ஸில திருத்துறம். நேற்று ஒரு பந்தி முழுசாக் காணாமல் போச்சு. பழைய பதிப்பை ‘ரிஸ்டோர்’ பண்ணினால் மற்றவை செய்த வேலை போயிடுமா? கொமென்ட் போட்டாலும் ஒருத்தரோட ஒருத்தர் கோவிக்கினம். என்ன செய்யலாம்?

பதில்:

பக்கத்திலிருந்து போய்விடும், வரலாற்றிலிருந்து போகாது. காணாமற்போனது ஒரு பந்தி மட்டும் என்றால் Restore பொத்தானைத் தொடவே வேண்டாம். பழைய பதிப்பைத் திறந்து, அந்தப் பந்தியை மட்டும் பிரதி எடுத்து, இன்றைய வரைவில் உரிய இடத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மீட்பு என்பது ஆவணம் முழுவதையும் அந்த நேரத்து நிலைக்குக் கொண்டுபோகும் செயல். ஒரு பந்தியை மட்டும் தெரிந்து மீட்கும் வசதி அதில் இல்லை. ஒரு வயலுக்கு நீர் வேண்டுமென்று குளத்துத் துருசு முழுவதையும் திறந்துவிட்டால் பக்கத்து வயல்காரர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதை நான் அறிந்தது எங்கள் ஊரில் நடந்த ஒரு குழப்பத்தினால். ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறு குளம் இருக்கிறது. அதன் துருசு பழுதடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அதைத் திருத்தித் தரும்படி கமநல சேவை நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். செயலாளராக இருக்கும் தங்கச்சி, பொருளாளர் அண்ணை, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான சேர், டொரொன்டோவில் இருக்கும் எங்களூர்க்காரர் ஒருவர், நான் என ஐந்து பேர் அந்த வரைவில் கைவைத்தோம்.

புதன்கிழமை இரவு 8.15 மணியளவில் தங்கச்சி மூன்றாம் பந்தியை எழுதி முடித்தார். துருசின் கதவு எந்தப் பக்கம் அரித்திருக்கிறது, கசிவினால் எந்த மாதத்தில் குளம் வற்றுகிறது என்பதெல்லாம் அந்தப் பந்தியில்தான் இருந்தன. 9.40 மணிக்குப் பொருளாளர் அண்ணை அந்தப் பந்தியை வட்ஸ்அப்பில் தலைவருக்கு அனுப்ப நினைத்துக் கைத்தொலைபேசியில் அதைத் தெரிவுசெய்தார். Copy என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே Cut இருக்கிறது. விரல் அதில் பட்டது. பந்தி வட்ஸ்அப்புக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்ததால், வரைவிலிருந்து அது வெட்டுப்பட்டதை அவர் கவனிக்கவில்லை. அன்றிரவே டொரொன்டோக்காரர் செலவு மதிப்பீட்டுப் பகுதியைத் திருத்தி நான்கு வரிகள் சேர்த்தார். வியாழன் காலை சேர் எழுந்து முதற் பக்கம் முழுவதும் சந்திப் பிழைகளைத் திருத்தினார். பத்து மணிக்குத் தங்கச்சி வரைவைத் திறந்தபோது தன் பந்தி இல்லை. பதறிப்போய்ப் பதிப்பு வரலாற்றுக்குள் நுழைந்து, புதன் இரவு 8.15 பதிப்பைத் தெரிந்து, Restore பொத்தானை அழுத்திவிட்டார்.

பந்தி வந்தது. டொரொன்டோக்காரரின் நான்கு வரிகளும் சேருடைய இரண்டு மணி நேர வேலையும் போயின. அதைவிடப் பெரிய சேதம் என்னவென்றால், தன் திருத்தங்களைச் செயலாளர் வேண்டாமென்று தள்ளிவிட்டார் என்று சேர் எண்ணிக்கொண்டார். இரண்டு நாட்கள் அவர் வரைவின் பக்கமே வரவில்லை.

சீர்செய்ய உட்கார்ந்தபோது நான் முதலில் செய்தது வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதுதான்: “அரை மணித்தியாலத்துக்கு ஒருவரும் வரைவில் எழுத வேண்டாம்.” மீட்பு நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுதினால், அவர் எழுதியது எந்த நிலைக்குச் சேர்ந்தது என்று பிறகு பிரித்தறிவது சிரமம். அதன் பின்னர் கணினியில் உலாவியின் வழியாக வரைவைத் திறந்து, File பட்டியலில் Version history என்பதற்குள் Name current version என்பதைத் தெரிந்து, அப்போதைய நிலைக்கு ‘சீர்செய்ய முன்’ என்று பெயரிட்டேன். நான் செய்யப்போவது பிழைத்தால் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா.

அடுத்து அதே இடத்தில் See version history என்பதைத் திறந்தேன். Ctrl+Alt+Shift+H விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் அது திறக்கும். வலப்பக்கத்தில் நேர வரிசையில் பதிப்புகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுக்கப்பட்டிருக்கும். அவர் சேர்த்தது அந்த நிறத்திலும், அழித்தது அந்த நிறத்திலேயே நடுவே கோடிட்டும் தெரியும். இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அருகருகான நேரங்களில் நடந்த மாற்றங்களைச் செயலி ஒரே பதிவாகக் கட்டி வைத்திருக்கும். அந்தப் பதிவின் ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால்தான் உள்ளேயுள்ள பதிப்புகள் விரியும். புதன் இரவுப் பதிவை விரிக்காமல் பார்த்தபோது பந்தி எழுதப்பட்டதும் தெரியவில்லை, வெட்டுப்பட்டதும் தெரியவில்லை. ஒரே பதிவுக்குள் வந்து போனதால் அப்படியொரு பந்தி இருந்ததாகவே தோன்றவில்லை. விரித்துப் பார்த்தபோது 9.40 மணிக்குப் பொருளாளர் அண்ணையின் நிறத்தில் பந்தி முழுவதும் கோடிடப்பட்டுக் கிடந்தது.

அதன்பின் வேலை எளிதாயிற்று. மீட்பும் ஒரு புதிய பதிப்பாகவே வரிசையின் மேலே சேரும். அது கீழேயுள்ள எதையும் அழிப்பதில்லை. எனவே தங்கச்சி மீட்டதற்குச் சற்று முன்னுள்ள வியாழன் காலைப் பதிப்பைத் தெரிந்து, அதை மீட்டேன். சேருடைய திருத்தங்களும் டொரொன்டோ வரிகளும் திரும்பி வந்தன. துருசுப் பந்தி மீண்டும் காணாமற்போனது. உடனே வரலாற்றுக்குள் மறுபடி போய், புதன் 8.15 பதிப்பைத் திறந்து, மூன்றாம் பந்தியை மட்டும் சுட்டியால் தெரிவுசெய்து பிரதி எடுத்து, எதையும் மீட்காமல் வெளியே வந்து, அதை இரண்டாம் பந்திக்குக் கீழே ஒட்டினேன். ஒரு சிறு சிக்கல் எஞ்சியது. மீட்டபின் தங்கச்சி கடிதத்தின் திகதியையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் மாற்றியிருந்தார். நான் செய்த மீட்பில் அவை அடிபட்டுப் போயின. ‘சீர்செய்ய முன்’ பதிப்பைத் திறந்து அந்த இரண்டையும் பார்த்து எழுதிச் சரிசெய்தேன். எல்லாமாகக் கால் மணி நேரம்.

மாற்றங்கள் அதிகமாகிப் பந்தி பந்தியாகப் பொறுக்க முடியாத நிலை வந்தால் வேறு வழி இருக்கிறது. பதிப்புப் பட்டியலில் ஒரு பதிப்பின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அதைத் தனி ஆவணமாகப் பிரதி எடுக்கலாம். பிறகு Tools பட்டியலிலுள்ள Compare documents மூலம் இன்றைய வரைவையும் அந்தப் பிரதியையும் ஒப்பிட்டால், வேறுபாடுகள் எல்லாம் பரிந்துரைகளாகக் குறிக்கப்பட்ட மூன்றாவது ஆவணம் ஒன்று உருவாகும். உண்மை வரைவில் எதுவும் அசையாது. ஆனால் நாலைந்து பக்கக் கடிதங்களுக்கு இது கொசுவுக்குக் கோடரி.

Ctrl+Z இந்த இடத்தில் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் கையால் செய்ததை மட்டுமே பின்வாங்கும். பொருளாளர் அண்ணை வெட்டியதை நீங்கள் எத்தனை தரம் அழுத்தினாலும் மீட்க முடியாது. உங்களுடைய நல்ல வரிகள்தான் ஒவ்வொன்றாகப் போகும்.

வரலாறு இப்படிக் கைகொடுக்க வேண்டுமானால் அதில் பெயர்கள் இருக்கவேண்டும். நம் பக்கத்தில் இது அடிக்கடி பிழைப்பது இரண்டு விதத்தில். ஒன்று, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டு, இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுவது. கூகுள் கணக்குக்குள் நுழையாமல் உள்ளே வருபவர்கள் பெயரற்றவர்களாக, ஏதோ ஒரு விலங்கின் படத்தோடு தெரிவார்கள். வரலாற்றிலும் அவர்கள் எல்லோரும் பெயரற்றவர்கள் என்ற ஒரே கூட்டமாகவே பதிவாவார்கள். மற்றது, சங்கத்துக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து அதன் கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வைத்திருப்பது. அப்போது வரலாறு முழுவதிலும் சங்கத்தின் பெயரே இருக்கும்; வெட்டியவர் யார் என்று கேட்டால் சங்கம்தான் வெட்டியது. ஆவணத்தின் உரிமையாளராகச் சங்கக் கணக்கு இருப்பது நல்லதே. ஆனால் எழுதும்போது ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மின்னஞ்சலால் உள்ளே வரவேண்டும்.

அடுத்தது அனுமதி. எல்லோருக்கும் Editor அனுமதி கொடுப்பது தாராளமாகத் தோன்றும். ஐந்து பேரில் இருவருக்கு அதைக் கொடுத்து, மற்ற மூவருக்கு Commenter கொடுப்பதே எங்களுக்குச் சரிவந்தது. Commenter அனுமதி உள்ளவர் வரைவில் எழுதினால் அது நேரடியாக மாறாது, பரிந்துரையாக நிற்கும். கை தவறி வெட்டினாலும் ‘வெட்டலாமா’ என்ற கேள்வியாகவே அது ஓரத்தில் வந்து நிற்கும். பொருளாளர் அண்ணைக்கு இந்த அனுமதி இருந்திருந்தால் மேலே சொன்ன கதையே இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: திருத்தும் அனுமதி உள்ளவர்கள் மட்டுமே பதிப்பு வரலாற்றைப் பார்க்க முடியும். ஆகவே மற்ற மூவருக்கும் ‘என் வரி எங்கே போனது’ என்ற ஐயம் வந்தால், அதைப் பார்த்துச் சொல்லவேண்டிய பொறுப்பு அந்த இருவருடையது. இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும். சங்கங்களில் அப்படிப் பேச்சு வர அதிக நேரம் எடுக்காது.

திருத்தும் அனுமதி உள்ளவர்களும் பிறர் எழுதிய பந்தியைத் தொடும்போது Suggesting நிலைக்கு மாறிக்கொள்வது நல்ல பழக்கம். கணினியில் Ctrl+Alt+Shift+X அழுத்தினால் மாறும். என்னுடைய கணக்கு இதுதான்: எழுத்துப்பிழை, இரட்டை இடைவெளி, விடுபட்ட முற்றுப்புள்ளி ஆகியவற்றை நேரடியாகத் திருத்தலாம், பொருள் மாறும் எதையும், ஒரேயொரு இலக்கமானாலும், பரிந்துரையாகவே வைக்கவேண்டும்.

இலக்கம் என்றதும் கருத்துக் குறிப்பின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் குழுவில் நடக்கும் கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுபோன்றதாகவே இருக்கும். எங்கள் வரைவின் முதற் பந்தியில் ‘இக்குளத்தின் கீழ் 42 ஏக்கர் காணி செய்கை பண்ணப்படுகிறது’ என்றிருந்தது. ஒருநாள் அது 24 ஆனது. மறுநாள் 42. அதன் மறுநாள் மீண்டும் 24. வரலாற்றைத் திறந்து பார்த்தால் பொருளாளர் அண்ணையும் டொரொன்டோக்காரரும் மாறி மாறித் திருத்தியது பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது. இருவரும், மற்றவர் இலக்கத்தை இடம் மாற்றித் தட்டச்சுச் செய்துவிட்டார் என்றே நம்பினார்கள். விசாரித்தபோது இரண்டும் சரி. மழையை நம்பிச் செய்யும் காலபோகத்தில் 42 ஏக்கரும் விதைக்கப்படும். சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீரைப் பார்த்து, கூட்டத்தில் தீர்மானித்தபடி 24 ஏக்கர் மட்டும் விதைக்கப்பட்டது. ஊரைவிட்டு முன்பே போனவருக்குக் காலபோகக் கணக்கு நினைவில் இருந்தது. சென்ற சிறுபோகத்துக்குப் பணம் சேர்த்தவருக்கு 24 கைவிரலில் இருந்தது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை வரலாறு சொல்லிவிடும். ஏன் மாற்றினார் என்பது குறிப்பில்தான் இருக்கமுடியும். முதல்முறை மாற்றியவர் 42 என்ற இலக்கத்தைத் தெரிவுசெய்து Ctrl+Alt+M அழுத்தி இரண்டு வரி எழுதியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கடைசியில் அந்த வாக்கியம் ‘காலபோகத்தில் 42 ஏக்கரும், நீரளவைப் பொறுத்துச் சிறுபோகத்தில் 24 ஏக்கர் வரையும்’ என்று மாறியது. துருசு கசிவதால்தான் சிறுபோகப் பரப்புக் குறைகிறது என்ற வாதமும் அந்த வாக்கியத்திலிருந்தே எங்களுக்குக் கிடைத்தது.

குறிப்பை எப்படி எழுதுவது என்பதற்கு அதே இடத்தை எடுத்துக்கொள்வோம். ‘இது பிழை’ என்று எழுதினால் மூன்று குறைகள். எது பிழை என்று தெரியாது, எப்படித் தெரியும் என்று தெரியாது, என்ன செய்யவேண்டுமென்றும் தெரியாது. படிப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: தன்னைப் பிழை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, 42 என்ற இலக்கத்தை மட்டும் தெரிவுசெய்து டொரொன்டோக்காரருக்கு இப்படி எழுதலாம்: “அண்ணை, சென்ற சிறுபோகத்துக்கு நாங்கள் நீர்வரி சேர்த்த பட்டியலில் 24 ஏக்கர்தான் இருக்கிறது. 42 எந்தக் கணக்கு? காலபோகம் என்றால் அப்படியே குறிப்பிட்டு இரண்டையும் போடலாமா?” இதில் ஆதாரம் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, ஏற்கக்கூடிய ஒரு வாசகமும் இருக்கிறது. மற்றவர் ‘ஓம்’ என்று மட்டும் பதில் போட்டாலும் வேலை நகரும். பந்தி முழுவதையும் தெரிவுசெய்து குறிப்புப் போடவேண்டாம். அப்படிப் போட்டால் எந்தச் சொல்லைப் பற்றிய பேச்சு என்பதைப் படிப்பவர் ஊகிக்கவேண்டியிருக்கும். ஊகம்தான் கோபத்தின் விதைநெல். ஒரு குறிப்பில் ஒரு விடயம் மட்டும் இருக்கட்டும். ஏக்கர் கணக்கையும் கடிதத்தின் நடையையும் ஒரே குறிப்பில் போட்டால், ஒன்று தீர்ந்ததும் மற்றதும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

வயதில் மூத்தவரின் வாக்கியத்தைத் திருத்தத் தயங்குவது எங்கள் பக்கத்து இயல்பு. அதைக் குறை சொல்லமாட்டேன். தங்கச்சி ஒருமுறை சேர் எழுதிய நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்க விரும்பி, கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் உடைத்துவிட்டார். சேர் பார்த்துவிட்டார். பேசாமல் செய்வது மரியாதை என்று தங்கச்சி நினைத்தார்; பேசாமல் செய்ததே மரியாதைக் குறைவு என்று சேர் நினைத்தார். இப்போது அவர் பரிந்துரையாக வைத்து, “சேர், அலுவலர் அவசரத்தில் வாசிப்பார் என்பதால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். பொருள் மாறினால் சொல்லுங்கோ” என்று எழுதுகிறார். முடிவு சேரின் கையில் விடப்படுவதால் அவரே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்.

குறிப்பை யார் மூடுவது என்பதில் எங்களுக்கிடையே ஒரு விதி ஏற்பட்டது. திறந்தவரே மூடவேண்டும். மற்றவர் திருத்தத்தைச் செய்துவிட்டு, என்ன செய்தார் என்று ஒரு வரி பதில் எழுதி நிறுத்திக்கொள்ளவேண்டும். திறந்தவர் வந்து பார்த்துச் சரிக்குறியை அழுத்துவார். அவர் மூன்று நாட்கள் வராவிட்டால் தொகுப்பவர் மூடலாம், ஆனால் பதில் எழுதாமல் மூடக்கூடாது. பதிலில்லாமல் மூடப்பட்ட குறிப்பு, கேட்டவரின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். மூடப்பட்டது அழிந்துவிடாது; மேலே வலப்பக்கத்திலுள்ள பேச்சுக்குமிழிக் குறியை அழுத்தினால் எல்லாக் குறிப்புகளும் வரும், வேண்டியதை மீண்டும் திறக்கலாம். ஆனால் Delete அப்படியல்ல. முதற் குறிப்பை அழித்தால் அதன் கீழுள்ள பதில்கள் முழுவதும் அதோடு போகும். கோபத்தில் எழுதியதை அழிக்கத் தோன்றும்போது, அதன் கீழ் மற்றவர்கள் பொறுமையாக எழுதிய விளக்கமும் சேர்ந்து போகிறது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். எழுதியதைத் திருத்த Edit இருக்கிறது.

குறிப்புத் தொங்கிக்கொண்டிருக்கும் வாக்கியத்தையே யாராவது வெட்டிவிட்டால், குறிப்பு ஓரத்திலிருந்து மறைந்துவிடும். குமிழிப் பட்டியலில் தேடினால்தான் அகப்படும். ஆகவே திறந்த குறிப்புள்ள பந்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவதையோ திரும்ப எழுதுவதையோ, அந்தக் குறிப்புகள் தீரும்வரை தள்ளிவைப்பது நல்லது.

வட்ஸ்அப்பை விட்டு எவராலும் இருக்கமுடியாது. மின்னஞ்சலில் வரும் குறிப்பு அறிவித்தல்களை எங்கள் குழுவில் படிப்பவர் டொரொன்டோக்காரர் மட்டும்தான். எனவே ‘முதற் பந்தியில் ஏக்கர் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது, பாருங்கோ’ என்று வட்ஸ்அப்பில் தட்டுவதில் தவறில்லை. விவாதத்தையே அங்கே நடத்தினால்தான் சிக்கல். இரண்டு கல்யாணப் படங்களும் ஒரு மரண அறிவித்தலும் வந்தபின் அந்த முடிவைத் தேடியெடுக்கவே முடியாது. தொலைபேசியில் பேசித் தீர்த்தாலும், பேசியவர்களில் ஒருவர் குறிப்பின் கீழ் ‘பேசினோம், இரண்டு இலக்கமும் போடுவது என்று முடிவு’ என்று எழுதிவிடவேண்டும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு தொல்லையைத் தனியாகச் சொல்லவேண்டும்: பாமினி எழுத்துரு. பழைய கடிதங்கள் பலவும் பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து ஒரு பந்தியை எடுத்துக் கூகுள் டொக்ஸில் ஒட்டினால், ‘அம்மா’ என்ற சொல் இப்படித் தெரியும்:

```
mk;kh
```

யாராவது ஒருவர் அதை யூனிகோடுக்கு மாற்றுவார். வரலாற்றின் கண்ணில் அந்தப் பந்தி முழுவதும் அழிக்கப்பட்டுப் புதிதாக ஒன்று எழுதப்பட்டிருக்கும். அதே நேரத்தில் அவர் ஒரு சொல்லையும் திருத்தியிருந்தால், அந்த ஒரு சொல்லை இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பாமினியை மாற்றுவதை, வரைவில் ஒட்டுவதற்கு முன்பே வேறு இடத்தில் செய்யுங்கள். ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால், மாற்றம் மட்டும் செய்து, முன்னும் பின்னும் பதிப்புக்குப் பெயரிட்டுவிட்டு, சொற்திருத்தத்தைப் பிறகு தொடங்குங்கள்.

கைத்தொலைபேசியில் இணைப்பு இல்லாத இடத்தில் எழுதுவதும் இதே வகைத் தொல்லை. வயலில் நின்று எழுதியது மாலையில் இணைப்புக் கிடைத்ததும் வரைவில் சேரும். அதற்குள் வீட்டிலிருந்த ஒருவர் அதே வாக்கியத்தை மாற்றியிருந்தால், இரண்டு பேரின் சொற்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பொருளற்ற வாக்கியமாகும். செயலி பிழை எதுவும் காட்டாது. வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பதிப்புகளுக்குப் பெயரிடும்போது திகதியைப் பெயராக வைக்கவேண்டாம். திகதி தானாகவே பதிவாகும். நடந்ததைப் பெயராக வையுங்கள்: ‘கூட்டத்தில் வாசித்தது’, ‘தலைவர் ஒப்பமிட்டது’, ‘கமநல நிலையத்தில் கையளித்தது’. ஓர் ஆவணத்துக்கு 40 பெயர்கள் வரை இடலாம் என்பதால் கஞ்சத்தனம் தேவையில்லை. அதற்காக ஒவ்வொரு மாலையும் இட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். பெயரிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்தச் செயலி பழைய பதிப்புகளைச் சிலவேளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். பல மாதங்களுக்குப் பின் தேடும்போது புதன் 8.15, புதன் 9.40 என்ற நுணுக்கம் இல்லாமற் போகலாம்.

இவ்வளவு கட்டிக் காத்த வரலாறு ஒரே அசைவில் அறுந்துபோகும் இடமும் ஒன்று உண்டு. யாராவது வரைவை வேர்ட் கோப்பாகத் தரவிறக்கி, திருத்தி, வட்ஸ்அப்பில் ‘இதுதான் கடைசி’ என்று அனுப்புவார். Make a copy மூலம் எடுத்த பிரதியும் அப்படித்தான். பழைய வரலாறு அதனுடன் வராது. எங்கள் விண்ணப்பம் கையளிப்பதற்கு முதல்நாள் இரவு அப்படி ஒரு ‘கடைசி’ வந்தது. அதைத் திறந்தபோது முதற் பந்தியில் மீண்டும் 24 மட்டும் இருந்தது. நாங்கள் அந்தக் கோப்பைப் பயன்படுத்தவில்லை. மூல வரைவைத் திறந்து, அந்தக் கோப்பில் வேறுபட்டிருந்த இரண்டு வரிகளை மட்டும் பரிந்துரையாகச் சேர்த்து, சேரும் தங்கச்சியும் ஏற்றபின் அச்சிட்டோம். அடுத்த நாள் நிலையத்தில் அலுவலர் முதலில் கேட்டது சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பதைத்தான்.